பொன்னா? பேரனா?



திருவொற்றியூரிலிருந்து ஒரு சகோதரி எழுதிய மடல், இம்மாதப் பகுதிக்குப் பொருளாக அமைகிறது. அவருடைய பாட்டனார் 1953ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து பினாங்கில் இருந்த தம் மகனுக்குக் கைப்பட எழுதிய கடிதம் ஒன்று, அந்த மகனின் மனைவி வஃபாத்தான பிறகு பெட்டியில் கிடைத்திருக்கிறது. பினாங்கில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் மலாயும் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. அவர்கள் கைப்பேசியில் படம் எடுத்து, தமிழ் தெரிந்த நண்பர் ஒருவரிடம் கொடுத்துத் தட்டச்சு செய்து, ஆங்கிலத்தில் சுருக்கமும் எழுதி உறவினர் அனைவருக்கும் அனுப்பிவிட்டார்கள். அந்தச் சுருக்கத்தில், பாட்டனார் குடும்பத்துப் பொன்னை எண்ணூரிலுள்ள மாமி வீட்டில் அடகு வைத்து, மாதந்தோறும் பணம் கட்டிவந்தார் என்று இருந்தது.

விளைவைச் சொல்லவேண்டியதில்லை. பொன் எங்கே என்றது ஒரு கிளை. மர்ஹூமான பெரியவர் வட்டி கொடுத்தாரா என்று மனம் நொந்தது இன்னொரு கிளை. எண்ணூர் வீட்டாரோ பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். "கடிதத்தைச் சரியாகப் படியெடுப்பது எப்படி? ஆங்கிலச் சுருக்கத்தை எப்படி எழுதவேண்டும்?" என்று கேட்கும் அச்சகோதரி, படங்களையும் இணைத்திருந்தார். பெயர்களை விட்டுவிட்டு, அந்தக் கடிதத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன்.

முதலில் படம். அனுப்பப்பட்ட படம் இரவில், மின்விளக்கின் கீழ், சாய்வாக எடுக்கப்பட்டது. தாளின் நடுவே வெளிச்சம் வெள்ளையாகத் தெறித்து, ஓரங்கள் இருண்டிருந்தன. அதைவிடப் பெரிய குறை, கடைசி இரண்டு வரிகள் பாதி வெட்டப்பட்டிருந்தன. "அவை அரபியில் உள்ள துஆ, அதனால் விட்டுவிட்டோம்" என்று விளக்கம் சொன்னார்கள். இதைப் பின்னால் பார்ப்போம்.

கடிதத்தை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், நேர்வெயில் படாமல், தட்டையாக வைத்து எடுக்க வேண்டும். கைப்பேசி தாளுக்கு நேர் மேலே, இணையாக இருக்கட்டும். மெல்லிய தாளில் மறுபக்க மை தெரிந்து குழப்பும். தாளின் அடியில் ஒரு கறுப்புக் காகிதத்தை வைத்தால் அது பெரும்பாலும் மறையும். பக்கம் முழுவதையும் ஒரு படமாகவும், பிறகு மேல், நடு, கீழ் என நெருக்கமான மூன்று படங்களாகவும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் முந்தைய படத்தின் இரண்டு வரிகள் மீண்டும் வரவேண்டும்; அப்போதுதான் வரி தவறாது. முகவரிப் பக்கத்தையும் தபால் முத்திரையையும் எடுக்க மறக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு நுண்கோடுகள் மங்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். கோப்புக்கு 1953-08-18_royapuram_penang_p1.jpg என்பது போல நாளும் இடமும் பக்க எண்ணும் வருமாறு பெயரிட்டால் பக்கங்கள் மாறிப்போகா.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழ்பவர்களுக்கு ஒரு சொல். நம் கடற்கரை உப்புக்காற்றில் குண்டூசி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். அதை இழுத்தால் எழுத்தும் சேர்ந்து வரும். மடிப்பு விறைத்திருந்தால் பலவந்தமாக விரிக்காதீர்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவதும், தாளை லேமினேஷன் செய்வதும் கூடாது. ஊதாநிறக் காப்பியிங் பென்சிலால் எழுதியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டாம். துடைத்தால் எழுத்து கரைந்து பரவிவிடும்.

இப்போது படிக்கும் முறைக்கு வருவோம். பழைய கையெழுத்தைக் கண்டதும் நேராகத் தெளிந்த தமிழில் தட்டச்சு செய்யத் தொடங்குவதே பெரும்பாலான பிழைகளுக்கு வேர். கண் எழுத்தைப் பார்ப்பதற்குள் மனம் சொல்லை ஊகித்துவிடுகிறது. ஆகையால் இரண்டு படிகள் தேவை. முதற்படியில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும், வரிக்கு வரி, கடிதத்தில் உள்ளவாறே எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாம் படியில்தான் அதைத் திருத்தமான தமிழாக ஆக்க வேண்டும். படிக்கமுடியாத இடத்தைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியிட்டுக் காட்டுங்கள். கிழிந்த இடத்தில் [கிழிவு] என்று எழுதுங்கள். ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன்? திண்ணைப் பள்ளியில் எழுதக் கற்ற பெரியவர்கள் பலரும் ஓலைச்சுவடி மரபையே தாளிலும் தொடர்ந்தார்கள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரக் கொம்பும் ஏகாரக் கொம்பும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகாரத்துக்குரிய காலும் 'ர' என்ற எழுத்தும் ஒரே கோடாக இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால், ஒரே எழுத்து வரிசையை இரண்டு மூன்று விதமாகப் படிக்கலாம்.

நம் கடிதத்தில் சர்ச்சைக்குரிய வரிகளை உள்ளவாறே படியெடுத்தால் இப்படி வருகிறது. காலும் ரகரமும் ஒன்றாக இருப்பதால், முதற்படியில் இரண்டையும் 'ர' என்றே எழுதியிருக்கிறேன்:

பெரன விஷயம மரமி வீடடில பெசி முடிததென
மரதம ரூ 7-8-0 கெரடுககிறென நீ வருமபெரது
[கிழிவு] ககெரளளலரம

'மரமி' என்பது மாமி, 'மரதம' என்பது மாதம், 'கெரடுககிறென' என்பது கொடுக்கிறேன் என்று எளிதில் புரிகிறது. வேறுவிதமாகப் படிக்க இடமில்லை. முதற்சொல்தான் சிக்கல். 'பெரன' என்பதில் கொம்பு குறிலா நெடிலா என்பது தெரியாது. நடுவிலிருப்பது காலா ரகரமா என்பதும் தெரியாது. காலாக எடுத்தால் 'பொன்'. ரகரமாக எடுத்தால் 'பேரன்'. பினாங்கு நண்பர் 'பொன்' என்று கொண்டார். அதன்பின் மாதப் பணம் அவருக்கு வட்டியாகத் தோன்றியது. மடிப்பில் கிழிந்துபோன சொல்லை 'மீட்டு' என்று நிரப்பி, 'நீ வரும்போது மீட்டுக்கொள்ளலாம்' என்று எழுதிவிட்டார். முதற்சொல்லில் செய்த ஓர் ஊகம் அடுத்தடுத்த இரண்டு ஊகங்களுக்கும் வழிகாட்டியது. கிழிந்த இடத்தில் அடைப்புக்குறி இருந்திருந்தால், படித்தவர் எவரும் அங்கே நின்று யோசித்திருப்பார்.

இத்தகைய சொல்லைத் தீர்மானிக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, எழுதியவரின் கையையே சாட்சியாக அழைப்பது. ஒரு தனித்தாளில், கடிதத்தில் ஐயமின்றிப் படிக்கமுடிந்த சொற்களிலிருந்து ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று மாதிரிகளைப் பார்த்து வரைந்துகொள்ளுங்கள். சிலர் ரகரத்தின் அடியில் ஒரு சிறு சாய்கோடு இழுப்பார்கள். காலுக்கு அது இராது. நம் பெரியவரின் 'வரவு' என்ற சொல்லில் உள்ள ரகரத்தையும் 'வாப்பா' என்ற சொல்லில் உள்ள காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் அச்சாக ஒன்றே. ஆகவே இந்தச் சாட்சி உதவவில்லை. உதவாதபோது உதவவில்லை என்று ஒப்புக்கொண்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, எழுதியவரின் சொல்வழக்கு. இதே கடிதத்தின் முதற்பக்கத்தில் தங்கத்தின் விலை ஏறியதைப் பற்றி எழுதும்போது அவர் 'பவுன்' என்கிறார். வீட்டு நகையைச் சொல்லும்போது 'நகை' என்கிறார். 'பொன்' என்ற சொல் ஐயத்துக்குரிய அந்த ஓரிடத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. இது 'பேரன்' பக்கம் தராசைச் சாய்க்கிறது; ஆனால் முடிவு கட்டப் போதாது.

மூன்றாவது சாட்சி, வெட்டப்பட்ட அந்தக் கடைசி இரண்டு வரிகள். மீண்டும் முழுமையாகப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். எழுத்து அரபு எழுத்துத்தான். ஆனால் மொழி தமிழ். நம் முன்னோர் அரபுத்தமிழ் என்று அழைத்த எழுத்துமுறை அது. அரபு மொழியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, அரபு எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டியும் மாற்றியும் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். குர்ஆன் ஓதக் கற்றிருந்தும் தமிழ் எழுத்துப் பழகாத பெண்மணிகள் அந்நாளில் மிகுதி; அவர்கள் கடிதம் எழுதவும் படிக்கவும் இதுவே உதவியது. பெரியவர் மகனுக்குத் தமிழில் எழுதிவிட்டு, மருமகள் தாமே படித்துக்கொள்ளட்டும் என்று கடைசி இரண்டு வரிகளை அரபுத்தமிழில் எழுதியிருக்கிறார்.

துஆவா அரபுத்தமிழா என்று எப்படி அறிவது? அரபில் இல்லாத புள்ளி அமைப்புடைய எழுத்துகள் தென்பட்டால் ஐயம் கொள்ளுங்கள். பிறகு ஓதத்தெரிந்த ஒருவர் பொருளைத் தேடாமல் வாய்விட்டு எழுத்துக்கூட்டட்டும். காதில் தமிழ் விழும். அரபு மட்டும் கற்றவருக்கு அந்தப் புது எழுத்துகள் தடுமாற்றம் தரும். பழைய அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் படித்துப் பழகிய ஆலிமையோ வீட்டு மூதாட்டியையோ நாடுங்கள்.

அவ்வரிகளின் சாரம் இதுதான்: பேரன் மாமி வீட்டிலிருந்து ஒழுங்காக ஓதப் போகிறான்; தாய் கவலைப்பட வேண்டாம். அரபு எழுத்தில் 'ரா' தனித்த உருவமுடையது. காலோடு அதைக் குழப்பவே முடியாது. அந்த ரகரம் அங்கே தெளிவாக நிற்கிறது. ஆகவே தமிழ்ப்பகுதியில் இருப்பதும் 'பேரன்' என்றே கொள்ளவேண்டும். மாதப் பணம், சிறுவனை வைத்துப் பராமரிக்கும் செலவுக்குக் கொடுத்தது. கிழிந்த சொல் 'அழைத்து' என்பதாக இருக்கலாம். ஆயினும் தாளில் இல்லாததால் அடைப்புக்குள் கேள்விக்குறியோடுதான் எழுத வேண்டும்.

இதைத் தெரிவித்தபோது அச்சகோதரி ஒரு செய்தி சொன்னார். காலஞ்சென்ற அவருடைய மூத்த சகோதரர் சிறுவயதில் சில ஆண்டுகள் எண்ணூரில் தங்கி ஓதியவராம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். கடிதத்தோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மாமி வீட்டார் வைத்துக்கொண்டதாகச் சொல்லப்பட்ட பொன், அவர்கள் சோறிட்டு வளர்த்த பிள்ளை!

இனி நாளும் பணமும். கடிதத்தின் தலைப்பில் ஹிஜ்ரி 1372, துல்ஹஜ் பிறை 7, செவ்வாய் என்று இருக்கிறது. கணக்கின்படி அது 1953 ஆகஸ்ட் 18 ஆகும். பிறை காண்பதில் ஒரு நாள் முன்பின் ஆகக்கூடுமாதலால், கணக்கை மட்டும் நம்பி நாளை உறுதி செய்யக்கூடாது. கிழமையும் எழுதப்பட்டிருப்பது இங்கே நமக்கு உதவுகிறது. அந்த ஆகஸ்ட் 18 செவ்வாய்க்கிழமையே. கிழமை இல்லாத கடிதமானால் தபால் முத்திரையைப் பாருங்கள். அதுவும் தெளிவில்லையென்றால் மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

'7-8-0' என்பதை ஆங்கிலச் சுருக்கத்தில் ஏழு ரூபாய் எண்பது காசு என்று எழுதியிருந்தார்கள். 1957 ஏப்ரல் 1ஆம் தேதிதான் நம் நாட்டில் நூறு காசு கொண்ட ரூபாய் வந்தது. அதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஆகவே இது ஏழு ரூபாய் எட்டு அணா, அதாவது ஏழரை ரூபாய். தெளிந்த படியில் 7-8-0 என்பதை அப்படியே வைத்து, சுருக்கத்தில் ஏழரை ரூபாய் என்று விளக்குங்கள்.

முதற்படி முடிந்ததும் தெளிந்த படியை எழுதலாம். இதில் புள்ளி வையுங்கள், குறில் நெடிலைச் சரிசெய்யுங்கள், காலையும் ரகரத்தையும் பிரியுங்கள், வாக்கியம் முடியுமிடத்தில் முற்றுப்புள்ளி இடுங்கள். அவ்வளவுதான். அவருடைய பேச்சுவழக்கையோ உறவுப் பெயர்களையோ 'நல்ல தமிழாக' மாற்றாதீர்கள். 'ணை', 'லை', 'னை', 'ணா', 'றா', 'னா' ஆகியவை 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய உருவில், துதிக்கை போன்ற சுழியோடு இருக்கும்; அவற்றை இன்றைய உருவிலேயே தட்டச்சு செய்யலாம். யூனிகோடில் இரண்டுக்கும் குறியீடு ஒன்றே. தோற்றம் மட்டுமே எழுத்துருவைப் பொறுத்து மாறும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளாகத் தெரியும். பினாங்குக்கு அனுப்ப அவை பயன்படா.

சுருக்கம் எழுதும்போது ஒரு விதியை மனத்தில் கொள்ளுங்கள்: தெளிந்த படியில் இல்லாத எதுவும் சுருக்கத்தில் வரக்கூடாது, படியில் ஐயமாக இருப்பது சுருக்கத்திலும் ஐயமாகவே இருக்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு மூலத்தோடு ஒப்பிட வழியில்லை. சுருக்கம் சொன்னதுதான் அவனுக்குப் பாட்டனார் சொன்னது.

இக்கடிதத்தின் பழைய சுருக்கத்தில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. பாட்டனார், "ரசூலாவில் வந்த பெட்டி கிடைத்தது" என்று எழுதியிருக்கிறார். சுருக்கம் எழுதியவர் ரசூல் என்ற மனிதர் பெட்டி கொண்டுவந்ததாக எழுதிவிட்டார். 1926இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'ரஜூலா' கப்பலைத்தான் பெரியவர் சொல்கிறார். துறைமுகத்தை அடுத்து வாழ்ந்தவருக்குக் கப்பல் என்று சொல்லவே தேவையில்லை, பெயரே போதும். தெளிந்த படியில் அவர் எழுதியவாறே 'ரசூலா' என்று வைத்து, அடைப்புக்குள் 'ரஜூலா கப்பல்' என்று சேர்க்க வேண்டும். உருபைக் கவனித்திருந்தால் பிழை நேர்ந்திராது: ஆளிடம் வந்திருந்தால் 'ரசூலிடம்' என்றிருக்கும், 'ரசூலாவில்' என்பது ஏறிவந்த ஊர்தியைக் காட்டுகிறது.

உறவுப் பெயரை மொழிபெயர்ப்பதும் இவ்வாறே. மாமியை 'ஆன்ட்டி' என்று எழுதினால் தாயின் தங்கையா, தந்தையின் சகோதரியா, மனைவியின் தாயா என்பது மறைந்துவிடும். இங்கே அவர் பெறுநருடைய தந்தையின் சகோதரி. அப்படியே விரித்தெழுத வேண்டும். 'காக்கா' என்று வந்தால், காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்தார் அண்ணனை அவ்வாறு அழைப்பார்கள் என்பதை அறியாத மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

சகோதரிக்காக நான் அமைத்துக் கொடுத்த சுருக்கம் ஏழு வாக்கியங்கள் கொண்டது. எழுதியவர் யார், எங்கிருந்து, யாருக்கு, எந்நாளில் என்பது முதல் வாக்கியம். கப்பலில் வந்த பெட்டி கிடைத்த செய்தி இரண்டாவது. பவுன் விலை பற்றிய குறிப்பு மூன்றாவது. மகனின் பிள்ளையை எண்ணூரில் தம் சகோதரி வீட்டில் விட்டிருப்பது நான்காவது. அதற்காக மாதம் ஏழரை ரூபாய் கொடுப்பது ஐந்தாவது. மடிப்பில் ஒரு சொல் கிழிந்திருக்கிறது, அது 'அழைத்து' என்பதாக இருக்கலாம் என்பது ஆறாவது. கடைசி இரண்டு வரிகள் மருமகளுக்கு அரபுத்தமிழில் எழுதப்பட்டவை, அவற்றின் சாரம் இன்னது என்பது ஏழாவது. தலைப்பிலுள்ள 786 பிஸ்மில்லாஹ்வைக் குறிக்கும் எண் என்று அடியில் ஒரு குறிப்பு. படம், முதற்படி, தெளிந்த படி, சுருக்கம் ஆகிய நான்கையும் ஒன்றாகவே அனுப்பச் சொன்னேன். நாளை இன்னொருவர் என் வாசிப்பையும் சரிபார்க்க வழி இருக்கவேண்டும் அல்லவா?

முந்தைய சுருக்கத்தைப் பெற்ற ஒவ்வொருவருக்கும் இந்தத் திருத்தம் சென்று சேர வேண்டும். எண்ணூர் வீட்டுக்கு மட்டும் கைப்பேசியில் அனுப்பாமல், கடிதத்தின் படியை எடுத்துக்கொண்டு நேரில் போய்வருமாறு சகோதரியைக் கேட்டுக்கொண்டேன். இன்ஷா அல்லாஹ், வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் போவதாக எழுதியிருக்கிறார்.